தோற்றுப்போன விளம்பரப் பிரச்சாரத்துக்கு போஸ்ட்மார்ட்டம் அறிக்கை எழுதுவது எப்படி: யாரையும் குற்றவாளி ஆக்காத ஒரு டெம்ப்ளேட்

நான் எழுதிய முதல் போஸ்ட்மார்ட்டம் அறிக்கை ஒன்றரைப் பக்கம்தான். அதில் "காரணம்" என்ற தலைப்புக்குக் கீழே ஒரே வரி இருந்தது: "கன்வர்ஷன் டேக் தவறான இடத்தில் பொருத்தப்பட்டது, சரிபார்க்கப்படவில்லை." விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் பதிவு செய்தால் அதைக் கன்வர்ஷன் என்று எண்ணும் சின்ன நிரல்தான் இந்த டேக். யார் பெயரையும் போடவில்லை, அதனால் யாரையும் குறை சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் குழுவில் டேக் பொருத்துவது ஒரே ஒருவருடைய வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து வேறொரு பேச்சினிடையே அவர் சொன்ன ஒரு விஷயம், என் அறிக்கை மொத்தத்தையும் மாற்றி எழுத வைத்தது. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

அந்த இரண்டாம் முறை எழுதியபோது உருவான டெம்ப்ளேட்தான் இது. இணையத்தில் காசு கொடுத்து விளம்பரம் செய்து பதிவோ விற்பனையோ எதிர்பார்த்து, கிடைக்காமல் போன பிரச்சாரங்களுக்கு இது பொருந்தும். எங்கள் கதையையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்: ஒரு கட்டணப் பயிற்சி வகுப்புக்கு 21 நாள் விளம்பரம், இலக்கு 300 பதிவு, கிடைத்தது 67.

1. முதல் மூன்று நாளில் ஆதாரங்களை எடுத்து வையுங்கள்

எழுத உட்காருவதற்கு முன் சேகரிக்க வேண்டியவை இவை: பிரச்சாரம் தொடங்கும்போது ஒப்புக்கொண்ட திட்டம் (இலக்கும் பட்ஜெட்டும் இருக்கிற பதிப்பு, பின்னால் திருத்தியது அல்ல), விளம்பரக் கணக்கின் நாள்வாரி அறிக்கை, அதே கணக்கின் மாற்றங்கள் பட்டியல், இணையதளப் புள்ளிவிவரம், பணம் வந்த பட்டியல், வாடிக்கையாளர் அனுப்பிய கேள்விகளும் புகார்களும், குழுவின் அரட்டைப் பதிவுகள்.

இதில் மாற்றங்கள் பட்டியலை மறந்துவிடாதீர்கள். கூகுள் ஆட்ஸில் `Change history` என்ற பக்கத்தில் பட்ஜெட், ஏல முறை, விளம்பர வாசகம் எதை எப்போது மாற்றினோம் என்பது நேரத்தோடு இருக்கும். நினைவில் இருக்கிற தேதியும் அங்கே இருக்கிற தேதியும் ஒத்துப்போகாது, எனக்கு இரண்டு நாள் வித்தியாசம் வந்தது.

ஏன் மூன்று நாளுக்குள்? சில விவரங்கள் தானாக மறைந்துவிடும். கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் யாரும் அமைப்பை மாற்றவில்லை என்றால், பயனர் அளவிலான விவரம் 2 மாதம்தான் தங்கும். அதன்பின் வழக்கமான அறிக்கைகள் கிடைக்கும், ஆனால் `Explore` பகுதியில் நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க முடியாது. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய உரையாடல் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மாதப் பிரச்சாரம் என்றால் முதல் வார விவரம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும்.

எண்களைப் பதிவிறக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கூகுள் ஆட்ஸ் ஒரு கன்வர்ஷனை, அது நடந்த நாளில் கணக்கு வைக்காமல், அந்த விளம்பரத்தை அவர் கிளிக் செய்த நாளில் வைக்கும். இயல்பாக 30 நாள் வரை இப்படிப் பின்னோக்கி எண் ஏறலாம். ஆகவே பதிவிறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் வேறொருவர் வேறொரு எண்ணோடு வந்து நிற்பார், கூட்டம் அதிலேயே முடிந்துவிடும். விளம்பரக் கணக்கும் இணையதளப் புள்ளிவிவரமும் ஒரே நேர மண்டலத்தில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

2. உண்மைகள்: வாசலிலிருந்து பணம் வரை ஒரே வரிசையில்

அறிக்கையின் முதல் பகுதியில் காரணம் எதுவும் வேண்டாம். எண் மட்டும். அதுவும் டாஷ்போர்டு காட்டிய எண்ணையும் பணப்பட்டியல் காட்டிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

எங்கள் முதல் 13 நாள் இப்படி இருந்தது. பக்கத்துக்கு வந்தவர்கள் 9,400 பேர். "பதிவு செய்" பட்டனை அழுத்தியவர்கள் 412. படிவத்தை முடித்தவர்கள் 52. பணம் கட்டியவர்கள் 38. டாஷ்போர்டில் கன்வர்ஷன் என்று இருந்த எண் எது தெரியுமா? 412. அதாவது எங்கள் டேக், பட்டன் அழுத்தியதையே பதிவாக எண்ணிக்கொண்டிருந்தது.

இங்கே நிறுத்திவிடாமல், எந்தப் படியில் ஆட்கள் குறைகிறார்களோ அந்தப் படியைச் சாதனவாரியாகப் பிரியுங்கள். எங்களுக்கு 412-இலிருந்து 52-க்கு விழுந்த இடம்தான் சந்தேகம். கணினியில் பட்டன் அழுத்திய 72 பேரில் 38 பேர் படிவத்தை முடித்திருந்தார்கள், பாதிக்கு மேல். கைப்பேசியில் அழுத்திய 340 பேரில் முடித்தவர்கள் 14 பேர்தான். விளம்பர வாசகம் சரியில்லை, கட்டணம் அதிகம் என்று ஆளாளுக்கு வைத்திருந்த விளக்கம் எதுவும் இந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்லவில்லை. கட்டணம் இரண்டு திரையிலும் ஒன்றுதானே.

பிறகு நானே என் கைப்பேசியில் படிவத்தை நிரப்பிப் பார்த்தேன். தொலைபேசி எண் பெட்டியைத் தொட்டதும் கைப்பேசி என் எண்ணை `+` குறியோடும் நாட்டுக் குறியீட்டோடும் தானே நிரப்பியது. படிவம் எதிர்பார்த்தது வெறும் 10 இலக்கம். அனுப்பு பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. பிழைச் செய்தி வந்திருக்கிறது, ஆனால் அது படிவத்தின் உச்சியில், திரைக்கு மேலே, நான் இருந்த இடத்தில் தெரியாத உயரத்தில். மேலே உருட்டிப் பார்த்தபோதுதான் அந்தச் சிவப்பு வரி கண்ணில் பட்டது. கணினியில் பெரும்பாலானோர் எண்ணைக் கையால் தட்டுகிறார்கள், அதனால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். வாடிக்கையாளர் நடந்த வழியை அவருடைய சாதனத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள், ஒவ்வொரு திரையையும் படமெடுத்து அறிக்கையில் இணையுங்கள்.

3. கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள்

ஒருவருக்கு 30 நிமிடம் போதும். "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு யாரும் தன்னைக் காத்துக்கொள்கிற பதிலைத்தான் சொல்வார்கள். "அன்றைக்கு உங்கள் திரையில் என்ன தெரிந்தது?", "அப்போது அது என்ன என்று நினைத்தீர்கள்?", "அன்று வேறு என்ன வேலை கையில் இருந்தது?" என்று கேளுங்கள்.

நான் முதல்முறை இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் டேக் பொருத்தியவர் சொல்லியிருப்பார்: முந்தைய பிரச்சாரத்தில் படிவமே கிடையாது, பட்டனை அழுத்தினால் நேராக வெளித்தளத்தின் பணம் கட்டும் பக்கத்துக்குப் போகும். அந்தத் தளத்தில் எங்கள் டேக்கை வைக்க வழியில்லை. எனவே பட்டனில் வைப்பதுதான் அப்போது முடிந்த ஒரே வழி. இந்த முறை பழைய அமைப்பை நகலெடுத்துத் தொடங்கினோம், நடுவில் ஒரு படிவம் சேர்ந்தது டேக் வேலை முடிந்த பிறகு. அவரிடம் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். 9ஆம் நாளே பணம் கட்டியவர் எண்ணிக்கை குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். போன முறை பலர் கடைசி வாரத்தில்தான் பணம் கட்டினார்கள், அதேபோல் இதுவும் என்று விட்டுவிட்டார். இது அறிக்கைக்கு எவ்வளவு பெரிய தகவல் பாருங்கள். முதல் வரைவில் நான் எழுதிய அந்த ஒற்றை வரிதான் இது வெளியே வராமல் தடுத்தது.

4. காலவரிசை: மூன்றாவது பத்தியை விட்டுவிடாதீர்கள்

காலவரிசை அட்டவணையில் ஐந்து பத்திகள் போடுங்கள்: நேரம், நடந்தது, அப்போது கண்ணுக்குத் தெரிந்தது, அதை வைத்து எடுத்த முடிவு, ஆதாரம். பலர் முதல் இரண்டோடு நிறுத்துகிறார்கள். நேரமும் நடந்ததும் மட்டும் இருந்தால், முடிவு தெரிந்த பிறகு படிக்கிறவருக்கு ஒவ்வொரு வரியும் அறிவில்லாத செயலாகத் தெரியும். மூன்றாவது பத்திதான் அதைச் சரிசெய்கிறது.

எங்கள் அட்டவணையிலிருந்து ஒரு வரி:

| நேரம் | நடந்தது | அப்போது தெரிந்தது | முடிவு | ஆதாரம் |
|---|---|---|---|---|
| 6ஆம் நாள், காலை | தினசரி பட்ஜெட் ஒன்றரை மடங்கானது | டாஷ்போர்டில் கன்வர்ஷன் திட்டத்தைவிட அதிகம், ஒரு பதிவுக்கான செலவு குறைவு | நன்றாக ஓடுவதை வேகப்படுத்துவது | மாற்றங்கள் பட்டியல், அன்றைய டாஷ்போர்டுப் படம் |

மூன்றாவது பத்தி இல்லாமல் இதைப் படித்துப் பாருங்கள்: பதிவே வராத பிரச்சாரத்துக்கு யாரோ பணத்தை அதிகமாக்கியிருக்கிறார். அந்தப் பத்தியோடு படித்தால், அந்தத் திரையைப் பார்த்த யாரும் அதையேதான் செய்திருப்பார்கள். விளைவு கடுமையாகத்தான் இருந்தது, 13ஆம் நாள் முடிவில் பட்ஜெட்டில் 81% செலவாகிவிட்டது, கன்வர்ஷன் எண்ணைப் பார்த்து விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் தானியங்கி ஏலமும் பட்டன் அழுத்துகிறவர்களையே தேடித்தேடிக் கொண்டுவந்தது. ஆனால் சரிசெய்ய வேண்டியது திரை.

மூன்றாவது பத்தியில் ஊகம் எழுதாதீர்கள். அன்றைய படமோ, அன்றைய செய்தியோ, அவரே சொன்னதோ இருந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் "ஆதாரம் இல்லை" என்று போடுங்கள். ஆட்களை வேலையின் பெயரால் குறிப்பிடுங்கள், "விளம்பரக் கணக்கைப் பார்ப்பவர்", "பக்கத்தை வடிவமைத்தவர்" என்று. சின்னக் குழுவில் இது யார் என்று தெரியத்தான் செய்யும், அதனால்தான் மூன்றாவது பத்தி இவ்வளவு முக்கியம்.

5. காரணங்கள்: பன்மையில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் கணக்கில் சோதியுங்கள்

"ஏன்" என்று ஐந்து முறை கேட்டு அடிக்காரணத்தைப் பிடிக்கும் முறையைப் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு: அது ஒரே கோட்டில் போகிறது, கடைசி "ஏன்" பெரும்பாலும் ஒரு ஆளில் போய் நிற்கிறது. அதற்குப் பதிலாக, தோல்விக்குத் துணைபோன நிலைமைகளைப் பட்டியலிடுங்கள். எங்களுக்கு நான்கு வந்தன: படிவம் `+` குறியை ஏற்கவில்லை, பிழைச் செய்தி திரைக்கு வெளியே வந்தது, டேக் பட்டனில் இருந்தது, பணப்பட்டியலோடு எண்ணை ஒப்பிடும் வேலை ஒருவரின் பழக்கமாக இருந்ததே தவிர யாருடைய பொறுப்பாகவும் எழுதப்படவில்லை.

இப்போது ஒரு கணக்கு போடுங்கள், இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் குறை இல்லாமல் இருந்திருந்தால் இலக்கை எட்டியிருப்போமா? கைப்பேசிக்காரர்களும் கணினிக்காரர்களைப் போலவே 53% படிவத்தை முடித்திருந்தால், 340-இல் சுமார் 180. கணினியின் 38-ஐச் சேர்த்தால் 218. படிவம் முடித்தவர்களில் பணம் கட்டியவர்கள் 73%, ஆகவே சுமார் 159 பேர். ஆனால் 13 நாளுக்கு எங்கள் இலக்கு 186. கைப்பேசியில் நிரப்புகிறவர்கள் பொதுவாகக் கணினியைவிடக் குறைவாகவே முடிப்பார்கள், எனவே 159 என்பதே தாராளமான எண். பட்ஜெட்டையும் கூட்டியிருந்தோம், திட்டமிட்ட செலவில் ஓடியிருந்தால் இதற்கும் குறைவுதான் வந்திருக்கும்.

அப்படியானால் படிவம் சரியாக இருந்தாலும் நாங்கள் தோற்றிருப்போம், கொஞ்சம் கௌரவமாக. ஐந்தாவது நிலைமையைத் தேட வைத்தது இந்தக் கணக்குதான். 300 என்ற இலக்கு எங்கிருந்து வந்தது என்று பழைய கோப்புகளைப் பார்த்தோம். முந்தைய பிரச்சாரத்தில் 280 பதிவு வந்தது, அதனால் இந்த முறை 300. ஆனால் அந்த 280-இல் பாதிக்கு மேல் பழைய மாணவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலிலிருந்து வந்தவை, எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் `utm_source` இணைப்பில் இருந்ததால் பிரித்துப் பார்க்க முடிந்தது. இந்த முறை வகுப்பு புதியவர்களுக்கு என்பதால் அந்த மின்னஞ்சலே போகவில்லை. படிவத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நிறுத்தியிருந்தால், அடுத்த பிரச்சாரத்துக்கும் 300 என்றே எழுதியிருப்போம்.

காரணத்தை உறுதிப்படுத்த இன்னொரு வழி, சரிசெய்த பின் என்ன ஆனது என்று பார்ப்பது. 14ஆம் நாள் படிவத்தைத் திருத்தினோம். மிச்சமிருந்த 19% பட்ஜெட்டில் கடைசி 8 நாளில் 29 பேர் பணம் கட்டினார்கள், அதற்கு முன் 81% செலவில் கிடைத்தது 38. கடைசி வாரத்தில் இயல்பாகவே பதிவு கூடும் என்பதால் எல்லாப் பெருமையையும் படிவத்துக்குத் தர முடியாது என்பதையும் அறிக்கையில் எழுதினோம்.

6. வாக்கியங்களைத் திருத்துங்கள்

வரைவு முடிந்ததும் ஒருமுறை மொழிக்காக மட்டும் படியுங்கள். தமிழில் குற்றச்சாட்டு சின்னச்சின்ன இடங்களில் ஒளிந்திருக்கும்.

"பார்க்கக்கூட இல்லை" என்பதில் அந்தக் "கூட" ஒரு தீர்ப்பு. எடுத்துவிடுங்கள். "சரிபார்த்திருக்க வேண்டும்", "சொல்லியிருக்கலாம்" என்பவை நடக்காததைப் பற்றிப் பேசுகின்றன, நடந்ததைப் பற்றி அல்ல. "சரிபார்க்கப்படவில்லை" என்ற செயப்பாட்டுவினை பெயரை மறைக்கிறது, ஆனால் விரலை நீட்டத்தான் செய்கிறது. நான் முதலில் விழுந்த குழி அதுதான். "கவனக்குறைவு" என்ற சொல் எங்கே வந்தாலும் அங்கே விசாரணை முடிந்துபோயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பழைய வரியும் திருத்திய வரியும் இவை. பழையது: "டேக் தவறான இடத்தில் பொருத்தப்பட்டது, சரிபார்க்கப்படவில்லை." புதியது: "முந்தைய பிரச்சாரத்தின் அமைப்பை நகலெடுத்ததால் டேக் பட்டனில் இருந்தது. அதில் படிவம் இல்லாததால் அங்கே அது சரியான இடம். டேக் வேலை முடிந்த பிறகு படிவம் சேர்ந்தது, அந்த மாற்றம் டேக் பொருத்துபவருக்குப் போய்ச்சேர எந்த வழியும் இருக்கவில்லை." நீளம்தான், ஆனால் இரண்டாவதைப் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது.

ஓர் எல்லை இருக்கிறது. யாராவது தெரிந்தே எண்ணை மாற்றியிருந்தாலோ பணத்தில் கை வைத்திருந்தாலோ அது இந்த அறிக்கையின் வேலை இல்லை. அதைத் தனியாக, உரியவர்களிடம் கொண்டுபோங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

7. கூட்டமும் நேரமும்

பிரச்சாரம் முடிந்து 7 முதல் 10 நாளுக்குள் கூட்டம் வையுங்கள். வரைவை ஒரு நாள் முன்பே அனுப்புங்கள். 60 நிமிடத்தில் பாதியைக் காலவரிசையைத் திருத்தவே கொடுங்கள், ஏனென்றால் அங்கேதான் ஆட்கள் "இல்லை, அது அன்றைக்கு இல்லை" என்று பேசத் தொடங்குவார்கள். சம்பளத்தையும் பதவி உயர்வையும் முடிவு செய்கிறவர் கூட்டத்தை நடத்த வேண்டாம்.

எனக்கு ஆன நேரம்: ஆதாரம் சேகரிக்க 4 மணி நேரம், ஐந்து பேரிடம் பேச இரண்டரை, எழுத 5, திருத்த 2. பதின்மூன்றரை மணி நேரம், அதற்கு மேல் கூட்டம். சின்னப் பிரச்சாரத்துக்கு இது அதிகம் என்றால் காலவரிசையையும் காரணங்களையும் மட்டும் செய்யுங்கள்.

8. பாடங்கள்: ஆளும் தேதியும் சோதனையும் இருந்தால்தான்

"இனி எல்லோரும் கவனமாக இருப்போம்" என்று எழுதினால் ஒன்றும் மாறாது. ஒவ்வொரு பாடத்துக்கும் செய்ய வேண்டிய வேலை, பொறுப்பாளர், தேதி, முடிந்ததை எப்படிச் சோதிப்போம் என்ற நான்கும் வேண்டும். மூன்று நான்குக்கு மேல் போகாதீர்கள், பன்னிரண்டு எழுதினால் இரண்டுதான் நடக்கும்.

எங்களுடையதில் ஒன்று: டேக்கைப் பதிவு முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்துக்கு மாற்றுவது, அடுத்த பிரச்சாரத்தின் முதல் நாளில் ஒரு சோதனைப் பதிவு செய்து டாஷ்போர்டில் சரியாக 1 மட்டும் ஏறுகிறதா என்று பார்ப்பது. இன்னொன்று: 3, 6, 9ஆம் நாள்களில் டாஷ்போர்டு எண்ணையும் பணப்பட்டியலையும் ஒரே தாளில் எழுதுவது, பட்ஜெட்டைக் கூட்டுவதற்கு முன் அந்தத் தாளைப் பார்ப்பது. மூன்றாவது: இலக்கு எழுதும்போது முந்தைய எண்ணை வழிவாரியாகப் பிரித்து எழுதுவது.

நகலெடுத்துக்கொள்ள டெம்ப்ளேட்

```
பிரச்சாரத்தின் பெயர், காலம், அறிக்கைத் தேதி:
எண்கள் பதிவிறக்கிய தேதி, நேர மண்டலம்:

1. சுருக்கம் (5 வரிக்குள், காரணம் வேண்டாம்)
2. இலக்கு / டாஷ்போர்டு எண் / பணப்பட்டியல் எண்
3. படிப்படியான எண்கள், சாதனவாரியாக
4. காலவரிசை: நேரம் | நடந்தது | அப்போது தெரிந்தது | முடிவு | ஆதாரம்
5. துணைபோன நிலைமைகள்
   ஒவ்வொன்றுக்கும்: ஆதாரம், இது இல்லாவிட்டால் எண் எவ்வளவு?
6. சரியாக வேலை செய்தவை
7. இன்னும் விடை தெரியாதவை
8. வேலை | பொறுப்பாளர் | தேதி | சோதிக்கும் முறை
9. இணைப்புகள்: திரைகளின் படங்கள், கோப்புகள்
```

டெம்ப்ளேட்டின் 6ஆம் பகுதியை மரியாதைக்காகச் சேர்த்தது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். எங்களைக் காப்பாற்றியது வகுப்பை ஒருங்கிணைப்பவர் 13ஆம் நாள் கேட்ட "எத்தனை நாற்காலி போடட்டும்?" என்ற கேள்விதான். பணப்பட்டியலைத் திறக்க வைத்த அந்தக் கேள்வி தற்செயலாக வந்தது. இப்போது 3ஆம் நாளே அவருக்குப் பணம் கட்டியவர்களின் எண்ணிக்கையை அனுப்புகிறோம்.

அறிக்கை முடிந்த 45ஆம் நாளுக்கு நாள்காட்டியில் 20 நிமிடம் ஒதுக்கி, 8ஆம் பகுதியை மட்டும் திறந்து பாருங்கள். முடியாத வேலை இருந்தால் தேதியை மாற்றுவதற்கு முன், அது ஏன் நிற்கிறது என்று அந்தப் பொறுப்பாளரிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே பக்கத்தில் எழுதுங்கள்.